ரயில் லேட், நடை சாத்தும் நேரம் நெருங்குது: குழுவிடம் எப்படிச் சொல்வது?

கும்பகோணத்தை மையமாக வைத்து நவகிரகக் கோவில்களுக்குக் குழு அழைத்துப் போகும் வழிகாட்டி வேலையில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தல வரலாறு எப்படிச் சொல்வது, கோபுரத்தில் எதைக் காட்டுவது என்று பயிற்சி தர ஆள் உண்டு. ரயில் தாமதமாகி, பாதிப் பேர் இரவெல்லாம் தூங்காமல் இறங்கி நிற்கும்போது அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, திட்டு வாங்கிக் கற்றதுதான் எல்லாம். உங்களுக்கு அந்தத் திட்டு கொஞ்சம் குறையட்டும்.

டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு. மற்ற ஊர்களில் ஒரு மணி நேரம் தாமதமானால் ஒரு மணி நேரம்தான் போகும். இங்கே பெரும்பாலான கோவில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். பன்னிரண்டு ஐந்துக்குப் போய் நின்றால் நான்கு மணி நேரம் போச்சு. அதனால் எவ்வளவு தாமதம் என்பதைவிட, நடை சாத்துவதற்குள் எத்தனை கோவில் முடியும் என்பதுதான் குழுவுக்கு வேண்டிய தகவல். உங்கள் அறிவிப்பு அதைச் சுற்றியே இருக்க வேண்டும்.

1. முந்தைய நாளே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு கிளிப் அட்டையில் நான்கு காகிதங்கள் போதும்.

முதலாவது பயணிகள் பட்டியல். பெயர், வயது, கைப்பேசி எண்ணுடன் வீட்டில் இருப்பவர் ஒருவரின் எண்ணும் வேண்டும். வேளைக்கு இன்சுலின் போடுபவர், நீண்ட நேரம் நிற்க முடியாதவர் பெயர்களுக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். இரண்டாவது, போக, வர ரயில் டிக்கெட்டுகளின் பி.என்.ஆர். எண்கள். எந்த நிலையத்தில் ஏறுகிறார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். எல்லாரும் ஒரே டிக்கெட்டில் வருவதில்லை. இரண்டு பேர் மட்டும் மயிலாடுதுறையில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போவார்கள், அது கடைசி நேரத்தில்தான் தெரியவரும்.

மூன்றாவது, கோவில்களின் நடை திறக்கும், சாத்தும் நேரம். பழைய பட்டியலை நம்பாமல் முந்தைய நாள் மாலை கோவில் அலுவலகத்துக்குப் போன் செய்து எழுதுங்கள். திருவிழா, கிரகணம், பெயர்ச்சி நாட்களில் நேரம் மாறும். நான்காவது, பஸ் ஒப்பந்தத்தின் நகல். தினவாடகை எத்தனை கிலோமீட்டர் வரை, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு மேல் டிரைவர் பேட்டா கூடும் என்ற மூன்று எண்களை அடிக்கோடிட்டு வையுங்கள். திருநள்ளாறு புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் காரைக்கால் மாவட்டத்தில் இருக்கிறது. பஸ்ஸுக்குத் தனியாக பெர்மிட் எடுத்திருந்தால் அது எந்தத் தேதிக்கு என்று பாருங்கள். பெர்மிட் வெள்ளிக்கிழமைக்கு இருக்க, மைக்கில் திருநள்ளாறை சனிக்கிழமைக்கு மாற்றிச் சொல்லிவிட்டால், எல்லையில் இன்னொரு அறிவிப்பு கொடுக்க வேண்டிவரும்.

2. வாயைத் திறப்பதற்கு முன் பன்னிரண்டு மணிக் கணக்கு

ரயில் எங்கே வருகிறது என்பதை NTES செயலியிலோ 139 எண்ணிலோ பாருங்கள். அப்புறம் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஒரு முழு உதாரணம் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து முப்பத்தெட்டு பேர், பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். அதிகாலை 4.30க்குக் கும்பகோணம் வர வேண்டிய ரயில் 7 மணிக்கு வருகிறது. லாட்ஜில் குளித்து, டிபன் முடிக்க ஒன்றரை மணி நேரம். ஆக ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய பஸ் எட்டரைக்குப் புறப்படும். பழைய திட்டப்படி காலையில் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர். மாலையில் வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. மறுநாள் காலை தாராசுரம், பிறகு தஞ்சைப் பெரிய கோவிலும் அரண்மனையும், இரவு ரயில்.

எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை மூன்றரை மணி நேரம் இருக்கிறது. திங்களூர் மேற்கே திருவையாறு பக்கம். போக ஒரு மணி, வர ஒரு மணி, தரிசனம் அரை மணி. அங்கே போனால் இன்னும் ஒரு கோவில்தான் பார்க்கலாம். ஆலங்குடி தெற்கே தனியாக நிற்கிறது. மற்ற மூன்றும் கிழக்கே, ஆடுதுறைப் பக்கம் ஒன்றுக்கொன்று அருகில். ஆக இன்று காலைக்கு அந்த மூன்றுதான்.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. குழுவில் சிலர் திருநாகேஸ்வரத்தில் ராகு காலப் பாலாபிஷேகத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கிறதே என்று ஒன்பது மணிக்கே திருநாகேஸ்வரம் போய்விட்டால் அவர்கள் ஊர் திரும்பும் வரை உங்களை மன்னிக்க மாட்டார்கள். எனவே சூரியனார்கோவிலுக்கு 9.10, அங்கிருந்து கஞ்சனூருக்குப் பத்து மணி, பத்தரைக்குக் கிளம்பி 11.10க்குத் திருநாகேஸ்வரம். அபிஷேகத்துக்கு நேரம் இருக்கிறது, ஆனால் வழியில் டீக்கு நிறுத்த நேரம் இல்லை.

மீதி இரண்டும் மறுநாளுக்கு. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு ஆலங்குடி, ஏழரைக்குக் கும்பகோணத்தில் டிபன், ஒன்பதேகாலுக்குத் திங்களூர், பத்தரைக்குத் தஞ்சை. திங்களூரிலிருந்து தஞ்சை பக்கம்தான் என்பதால் இது சுற்றுவழியே இல்லை. பெரிய கோவில் நடை சாத்துவதற்குள் முடியும். தாராசுரம் மாலை திரும்பும் வழியில். விடுபடுவது அரண்மனை ஒன்றுதான்.

இந்தக் கணக்கைப் போடாமல் மைக்கை எடுத்திருந்தால் “இன்னைக்கு ரெண்டு கோவில் முடியாதுங்க” என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஒன்பதில் ஏழு கோவில் என்று கேட்டதுமே பஸ் கொதித்துவிடும். பத்து நிமிடக் கணக்குக்குப் பிறகு நிலைமை வேறு: ஒன்பதும் உண்டு, அரண்மனை மட்டும் இல்லை.

3. குழுவுக்கு முன் மூன்று பேருக்குச் சொல்லுங்கள்

முதலில் டிரைவர். அவர் சம்மதிக்காத நேரக்கணக்கை அறிவிக்காதீர்கள். ரோட்டில் நெல் காயப்போட்டிருக்கிறதா, கொள்முதல் நிலையத்தில் லாரி வரிசை நிற்கிறதா, எந்த ரயில்வே கேட்டில் மாட்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் பேசி முடித்ததும் பாதிப் பேர் டிரைவரிடம் போய் “நெஜமாவே முடியாதாப்பா?” என்று கேட்பார்கள். அவர் “போனா போலாங்க” என்று சொல்லிவிட்டால் நீங்கள் பொய் சொன்னவர் ஆகிவிடுவீர்கள்.

இரண்டாவது, உங்கள் அலுவலகம். பணம் சம்பந்தப்பட்ட எதையும் அவர்களிடம் கேட்காமல் மைக்கில் சொல்லக் கூடாது. மூன்றாவது, குழுவைச் சேர்த்த பெரியவர். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ வங்கிக்காரரோ. அவரிடம் தனியாக, “சார், இதுதான் நிலைமை, இப்படி மாத்தியிருக்கோம், எதாவது விட்டுப்போச்சான்னு பாருங்க” என்று காகிதத்தைக் காட்டுங்கள். பாலாபிஷேகம் போன்ற விஷயம் அப்போதுதான் வெளியே வரும். அனுமதி கேட்கும் தொனி மட்டும் வேண்டாம். அவர் அங்கேயே நான்கு பேரைக் கூப்பிட்டு விவாதம் ஆரம்பித்தால் அரை மணி நேரம் போகும்.

4. எங்கே நின்று சொல்வது

பிளாட்பாரத்தில் வேண்டாம். ரயில் ஒலிபெருக்கியும் டீ வியாபாரமும் சேர்ந்து பாதி கேட்காது. கேட்காத பாதியை ஒருவருக்கொருவர் இட்டுக்கட்டிச் சொல்லிக்கொள்வார்கள். கோவில் வாசலில் செருப்பு விடும் இடமும் வேண்டாம். பிளாட்பாரத்தில் சொல்ல வேண்டியது ஒன்றே: “எல்லாரும் வண்டிக்கு வாங்க, பாத்ரூம் இடது பக்கம் இருக்கு, உட்கார்ந்ததும் இன்னைக்குத் திட்டம் சொல்றேன்.”

பஸ்ஸில் எல்லாரும் உட்கார்ந்த பிறகு தலைகளை எண்ணுங்கள். என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். பின்சீட்டுக்காரர்களுக்கு என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காது. முன்பக்கம் குழுவைப் பார்த்து நில்லுங்கள். டிரைவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மைக்கில் மட்டும் குரல் வந்தால், ஒளிந்துகொண்டு பேசுவதாகத்தான் படும்.

5. சொல்ல வேண்டிய வரிசை

என்ன நடந்தது, எது மாறவில்லை, எது மாறுகிறது, அடுத்து எப்போது பேசுவேன். இந்த நான்கும் இதே வரிசையில், ஒன்றரை நிமிடத்துக்குள். மாறாததை முன்னால் சொல்வது முக்கியம். “மாத்தியிருக்கோம்” என்ற வார்த்தை காதில் விழுந்த நொடியிலிருந்து அவர்கள் கவலைப்பட ஆரம்பிக்கிறார்கள். அதற்குப் பிறகு சொல்வது எதுவும் ஏறாது.

மேலே பார்த்த உதாரணத்துக்கு நான் பேசுவது இப்படி இருக்கும்:

“வணக்கம் அம்மா, ஐயா. ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும், தெரியும். ரயில் ரெண்டரை மணி நேரம் லேட். ஒன்பது கோவிலும் உண்டு, அதுல மாற்றம் இல்லை. நாளைக்கு ராத்திரி ரயிலும் அதே ரயில்தான். ராகு காலப் பாலாபிஷேகம் சொல்லியிருக்கறவங்களுக்கு இன்னைக்கே உண்டு. மாறுறது என்னன்னா, ஆலங்குடியும் திங்களூரும் நாளைக்குக் காலையில. அதுக்காக நாளைக்கு ஆறு மணிக்குக் கிளம்பணும். தாராசுரம் சாயங்காலத்துக்குப் போகுது. தஞ்சாவூர் அரண்மனைக்கு நேரம் இருக்காது, அந்த நுழைவுக் கட்டணம் உங்க கைக்குத் திரும்ப வரும். இப்போ லாட்ஜுக்குப் போறோம், சரியா எட்டரைக்கு வண்டி கிளம்பும். டிபன் சாப்பிடுற இடத்துல, எட்டு மணிக்கு, மறுபடி வந்து பேசுறேன். கேள்வி இருந்தா அப்போ கேளுங்க, இப்போ அவசரம்னா கையைத் தூக்குங்க.”

அதில் மன்னிப்பு இல்லை, ரயில்வேயைத் திட்டவில்லை, காரணத்தை நீட்டவில்லை. சிக்னல் கோளாறா, தண்டவாள வேலையா என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் காரணமே சொல்லாதீர்கள்.

கட்டாயம் தவிர்க்க வேண்டிய மூன்று வாக்கியங்கள் உண்டு. “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க”: பணம் கட்டி வந்தவர்களுக்கு இது எரிச்சலைத்தான் தரும். “இன்னும் பத்து நிமிஷத்துல”: பதினோராவது நிமிடம் உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை. மூன்றாவதுதான் மோசம்: “சாமி இன்னும் கூப்பிடலை போல.” சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது ஆழமாகக் குத்தும். பிள்ளைக்குக் கல்யாணத் தடை, உடம்பு சரியில்லை என்று பரிகாரத்துக்கு வந்திருப்பவர் அந்த வாக்கியத்தை வீடு வரைக்கும் சுமந்து போவார்.

பேசி முடித்த பிறகு அதையே நான்கு வரியில் வாட்ஸாப் குழுவில் போடுங்கள். முன்னால் போடாதீர்கள். போட்டால் சென்னையில் இருக்கும் மகன் அதைப் படித்துவிட்டு, நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவைக் கூப்பிடுவார்.

6. அடுத்து வரும் கேள்வி

பணத்தைவிட முந்தி வரும் கேள்வி, “வரிசை மாறினா பலன் குறையுமா?” என்பதுதான். நீங்கள் சாஸ்திரம் பேசாதீர்கள். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் வம்பு. “பாதை வசதியைப் பார்த்துத்தான் எல்லாக் குழுவும் போறாங்க, உங்களுக்கு மனசுல இருந்தா முதல் கோவில்ல குருக்கள்கிட்ட நானே கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லி, மறக்காமல் கேட்டுச் சொல்லுங்கள்.

7. நடுவழியில் நின்றுவிட்டால்

கேட் மூடியிருப்பது, அறுவடைக் காலத்தில் டிராக்டர் வரிசை, ஐப்பசி கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர். இங்கே எப்போது நகரும் என்று உங்களுக்கே தெரியாது. எனவே போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லாமல், மறுபடி பேசும் நேரத்தைச் சொல்லுங்கள்: “நாலு நாற்பதுக்கு வந்து என்ன நிலைன்னு சொல்றேன்.” நான்கு நாற்பதுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுந்து நின்று “இன்னும் அப்படியேதான் இருக்கு, அடுத்து ஐந்து மணிக்கு” என்று சொல்ல வேண்டும். புதிய வழிகாட்டிகள் பெரும்பாலும் இதில்தான் சறுக்குகிறார்கள். செய்தி இல்லை என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். பின்சீட்டில் அதற்குள் மூன்று வதந்தி கிளம்பியிருக்கும்.

சனிக்கிழமை திருநள்ளாறில் இதே முறைதான். வரிசை எவ்வளவு நேரமாகும் என்று உள்ளூர்க்காரர் சொன்னாலும் அதை மைக்கில் திருப்பிச் சொல்லாதீர்கள். பஸ் எந்த நேரத்தில் கிளம்பியாக வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

8. திரும்பும் ரயில் தவறிப்போகும் நிலை

இதற்கு முடிவு நேரம் ஒன்றைக் காலையிலேயே குறித்து வையுங்கள். திருநள்ளாறு முடித்து மயிலாடுதுறையில் இரவு 9.30 ரயில் என்று வைத்துக்கொள்வோம். எட்டே முக்காலுக்கு நிலையத்தில் இருக்க வேண்டும், ரோட்டில் ஒன்றேகால் மணி நேரம், ஆக ஏழரைக்குப் பஸ் நகர வேண்டும். பஸ்ஸில் ஏறி எண்ண இருபது நிமிடம், அதற்கு முன் வரிசையில் ஒவ்வொரு குடும்பமாகச் சொல்லி முடிவு கேட்க இருபத்தைந்து நிமிடம். அப்படியானால் 6.45தான் முடிவு நேரம். அந்த நேரத்திலும் வரிசை நகரவில்லை என்றால் அப்போதே, வரிசையிலேயே, ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சொல்லுங்கள்: “ஏழு பத்துக்குள்ள தரிசனம் ஆகலைன்னா ரெண்டுல ஒன்னுதான் முடியும். ரயிலா, தரிசனமா, நீங்க சொல்லுங்க.” தங்கி தரிசனம் பண்ணுபவர்களுக்கு லாட்ஜ், மறுநாள் பஸ் செலவு யாருடையது என்பதையும் அந்த வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழரைக்குப் பிறகு சொன்னால் அது அறிவிப்பு அல்ல, தகராறு.

ரயில் பணம் பற்றி வாக்குறுதி தராதீர்கள், ஆனால் இவை தெரிந்திருக்க வேண்டும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணமே செய்யவில்லை என்றால், அந்த ரயில் புறப்படுவதற்கு முன் டி.டி.ஆர். என்ற பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் போட்டால் முழுப் பணம் கேட்கலாம். ஒரு ரயில் தாமதத்தால் அடுத்த ரயில் தவறினால், இரண்டு பி.என்.ஆர்.களையும் முன்பே இணைத்திருந்தால்தான் வழி உண்டு. முதல் ரயில் வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டாக வேண்டும். அதனால் பிளாட்பாரத்தில் நிற்கும்போதே செய்யுங்கள், லாட்ஜுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உங்கள் பஸ் தாமதமாகி ரயில் தவறினால் டிக்கெட் பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள்.

“கும்பகோணத்துல விட்டா என்ன, மயிலாடுதுறையில போய்ப் பிடிச்சுக்கலாம்” என்று குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை முன்பே மாற்றாமல் அடுத்த நிலையத்தில் ஏறினால், பெர்த் வேறொருவருக்குப் போயிருக்கலாம். மாற்றிவிட்டால் பழைய நிலையத்தில் ஏற முடியாது. இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள்.

9. பயிற்சி எடுக்கும் முறை

நின்றிருக்கும் பஸ்ஸில் என்ஜினை ஓடவிட்டு, கடைசிச் சீட்டில் மூத்த வழிகாட்டி ஒருவரை உட்கார வையுங்கள். அவர் ஒரு தாமதத்தைச் சொல்வார். பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டு ஒன்றரை நிமிடத்தில் நீங்கள் அறிவிக்க வேண்டும். பேசும்போது இன்னொருவர் குறுக்கே, “போன தடவை வந்தவங்க எல்லாம் பார்த்துட்டாங்களே” என்று கத்த வேண்டும். அதற்குப் பதில் சொல்லப் போகாமல் நான்காவது வரி வரைக்கும் முடிக்கிறீர்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். “வந்து... ஆக்சுவலா...” என்று எத்தனை தடவை சொன்னீர்கள் என்று கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

10. பணமும் கையெழுத்தும்

அன்று இரவே, அறைக்குப் போவதற்கு முன், ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: எந்தக் கோவில் எந்த நாளுக்கு மாறியது, எது விடுபட்டது, ஒருவருக்கு எவ்வளவு திரும்புகிறது. கூடுதல் கிலோமீட்டரும் டிரைவர் பேட்டாவும் குழுவா, அலுவலகமா என்பதை நான்காவது வரியாக எழுதி, அலுவலகத்திடம் போனில் உறுதி செய்துகொள்ளுங்கள். குழுப் பெரியவரிடமும் கூட வந்த பெண்களில் ஒருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பெரியவர் கையெழுத்து மட்டும் இருந்தால், ஊருக்குப் போனபின் “எங்களை யார் கேட்டா?” என்று கடிதம் வரும். திரும்பத் தரும் தொகையை மொத்தமாகப் பெரியவர் கையில் கொடுக்காமல், மறுநாள் டிபன் நேரத்தில் தலைக்கு இவ்வளவு என்று சில்லறையாகவே கொடுத்து, பட்டியலில் பெயருக்கு எதிரே டிக் போடுங்கள். பெரிய கோவிலைப் பார்த்துவிட்டு வருகிற களைப்பில் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள்.